அந்த அக்காவிடம் யார் கேட்டது?

மட்டக்களப்பில் உளவளத்துணை டிப்ளோமா வகுப்பு எடுக்கிறேன். எங்கள் மாணவர்களின் ஒப்படைகளில் பெரியது விடய ஆய்வு. களப் பயிற்சியில் சந்தித்த ஒருவரோடு பல வாரம் பேசி, அவருடைய பிரச்சினையையும் தாங்கள் செய்ததையும் எழுதித் தரவேண்டும். எழுதுவது மாணவர்தான், ஆனால் அதில் இருப்பது இன்னொருவரின் வாழ்க்கை.

கொஞ்சக் காலமாக, "இது ஏஐ எழுதினதா?" என்ற சந்தேகம் எங்கள் அறையில் அடிக்கடி எழுகிறது. ஒருநாள் சக விரிவுரையாளர் ஒருவர் ஒரு ஒப்படையைக் கொப்பி பண்ணி இலவசத் தளமொன்றில் போட்டார். ஒரு தடவைக்கு இத்தனை சொல்தான் என்று தளம் மட்டுப்படுத்தியிருந்ததால் துண்டு துண்டாகப் போட்டார். 82 வீதம் ஏஐ என்று வந்தது. மாணவியைக் கூப்பிட்டோம்.

அவள் "நான்தான் எழுதினேன்" என்று வாதாடுவாள் என எதிர்பார்த்தோம். அவள் கேட்டது வேறு. "மிஸ், அத எங்க போட்டுப் பார்த்தீங்க? வகுப்பு மிஸ்மாரத் தவிர யாருக்கும் காட்ட மாட்டன் எண்டுதானே அந்த அக்காட்ட சொன்னன்."

அறையில் ஒருவரும் பேசவில்லை. நான் ஒப்படையை மறுபடி எடுத்து வாசித்தேன். பெயரை 'திருமதி க.' என்று மாற்றியிருந்தாள். ஆனால் படுவான்கரைக் கிராமம் ஒன்றின் பெயர் இருந்தது. கணவர் காணாமல்போனவர், பாலத்தடியில் சின்னக் கடை, நுண்கடன் இரண்டு, மூத்த மகன் கட்டாரில், நித்திரைக் குளிசை பாவிக்கிறார். அந்தக் கிராமசேவகர் பிரிவில் யாரிடம் வாசித்துக் காட்டினாலும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். பெயரை மறைத்தால் போதும் என்பது கொழும்புக்கு ஓரளவு பொருந்தலாம், எங்கள் ஊர்களுக்குப் பொருந்தாது. வேர்ட் கோப்பை அப்படியே ஏற்றினால் இன்னும் மோசம். கோப்பின் விபரத்தில் எழுதியவரின் பெயரும் சேர்ந்தே போகும்.

போட்டதை அழிக்கலாமா என்று பார்த்தோம். தளத்துக்கு மின்னஞ்சல் போட்டால், எந்தக் கணக்கில் பதிவேற்றினீர்கள் என்று கேட்டார்கள். கணக்கே திறக்காமல் ஒட்டிய எழுத்துக்கு எந்த அடையாளமும் இல்லை, அழிக்கச் சொல்லிக் காட்டவும் ஒன்றுமில்லை. அவர்களின் நிபந்தனைகளில், பதிவிடும் எழுத்தைச் சேவையை மேம்படுத்தப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. 'சரிபார்' என்ற பொத்தானை அழுத்தும்போது அதை யார் வாசிக்கிறார்கள்?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாக வைக்கிறது. சம்மதம் என்றால் சுயவிருப்பில், குறிப்பான நோக்கத்துக்கு, விளங்கிக்கொண்டு தருவது என்கிறது. அந்த அக்கா சம்மதித்தது ஒரு மாணவியோடு பேசுவதற்கு. வெளிநாட்டுத் தளம் ஒன்றுக்கு அல்ல. அவருக்காக மாணவி சம்மதிக்க முடியாது, மாணவிக்காக நாங்களும் முடியாது.

உடனே ஒரு யோசனை வந்தது: ஒப்படையின் முகப்பில் 'இணையத்தில் சரிபார்க்கச் சம்மதம்' என்று ஒரு கையெழுத்து வாங்கிவிடுவோம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. புள்ளி போடுகிறவர் நீட்டும் தாளில் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று எழுதும்? மறுத்தால் ஏஐ பாவித்தவர் என்றல்லவா நினைப்போம்.

அந்த 82 வீதத்துக்கும் பெரிய பெறுமதி இல்லை. ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியை, துல்லியம் குறைவு என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதியதை இத்தகைய கருவிகள் அதிகமாகத் தவறாகக் குறிப்பதாக அதே ஆண்டு ஸ்டான்போர்ட் ஆய்வொன்று காட்டியது. எங்கள் பிள்ளைகள் பலர் தமிழில் யோசித்து, பாடநூல் வசனங்களைத் துணைக்கு வைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள்.

இப்போது விடய ஆய்வு எதுவும் எந்தத் தளத்துக்கும் போவதில்லை. சந்தேகம் வந்தால் களக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்கிறோம். கையெழுத்தில், திகதியோடு, வெட்டிக் கொத்தி எழுதிய கொப்பி. பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து, "மூன்றாவது சந்திப்பில் அவர் ஏன் பேச்சை நிறுத்தினார்?" என்பது மாதிரிக் கேட்கிறோம். போய்ப் பேசியவருக்கு அது நினைவில் இருக்கும், போகாதவர் இரண்டாவது கேள்வியிலேயே திணறுவார். அந்த மாணவி குறிப்பேட்டைத் திறக்காமலே பதில் சொன்னாள்.

கோட்பாட்டுக் கட்டுரைகளுக்கு இந்த வழி சரிவராது. அறுபது பேர் வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிடம் எங்கே கிடைக்கும்? அங்கே ஆட்களின் கதை இல்லைதான், ஆனாலும் எழுத்து மாணவருடையது. அதனால் எந்தத் தளம், எதற்கு என்று ஒப்படை கொடுக்கும் நாளிலேயே சொல்ல வேண்டும், விரும்பாதவருக்கு வாய்மொழிப் பரீட்சை வைக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.