வலி மாத்திரையும் குவார்ட்டரும்: மாமாவின் வயிற்று ரத்தப்போக்கும் எங்கள் அலைச்சலும்

மாமா வீடு திரும்பிவிட்டார், நன்றாக இருக்கிறார். ஆனால் முதலில் கூட்டிப்போன கிளினிக்கை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. தலைசுற்றல், வியர்வை, மேல்வயிற்றில் ஒரு மாதிரி எரிச்சல் என்றுதான் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹீமோகுளோபின் 12 இருக்கு, ஒண்ணுமில்ல, கேஸ்தான்" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மலம் என்ன நிறத்தில் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தை அதைக் கவனித்திருந்தார். தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, தாங்க முடியாத நாற்றத்தோடு போயிருக்கிறது. இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டார்.

மறுநாள் மாமா கழிவறையில் மயங்கி விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நாடித்துடிப்பு 120ஐத் தொட்டிருந்தது, ஹீமோகுளோபின் 7க்கு இறங்கியிருந்தது. ரத்தம் வெளியேறும்போது அணுக்களும் நீரும் சேர்ந்தே போவதால், ஆரம்பத்தில் எடுக்கும் பரிசோதனையில் ஹீமோகுளோபின் சரியாக இருப்பது போலவே காட்டும். உடம்பு மற்ற இடங்களிலிருந்து நீரை இழுத்து அந்த இழப்பை நிரப்பிய பிறகுதான் எண் இறங்கும். அதனால் முதல் நாள் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதி அடையாதீர்கள். கறுப்பு மலம், வேகமான நாடி, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, இவற்றை நீங்களாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அங்கே ரத்தம் ஏற்றுவதும் படுக்கை கிடைப்பதும் சீக்கிரமே நடந்தன. நாங்கள் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். "தினமும் குடிப்பாரா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று டியூட்டி டாக்டர் கேட்டார். "எப்பவாச்சும்தான் சார்" என்றார் அத்தை. நான் குறுக்கிட்டு, மூட்டுவலி வந்த நாளிலிருந்து தினம் ஒரு குவார்ட்டர் என்று சொன்னேன். அத்தை என்னை முறைத்தார், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். பல வருடமாகக் குடிப்பவருக்கு ரத்தம் வந்தால், கல்லீரல் கெட்டு உணவுக்குழாயின் ரத்தக்குழாய்கள் புடைத்து வெடித்திருக்கலாம். வலி மாத்திரையால் வந்த புண்ணாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. எண்டோஸ்கோபி செய்யும்வரை டாக்டருக்கு நாம் சொல்லும் விவரம்தான் பெரிய துணை.

மாத்திரைப் பெயரைக் கண்டுபிடிப்பது அதைவிடப் பாடாக இருந்தது. மாமா வைத்திருந்தது ஒரு காகிதக் கவர், அதற்குள் வெட்டிய அட்டைத் துண்டுகள். பெயர் அச்சான பகுதி கடைக்காரரிடமே தங்கிவிட்டது, பில்லும் இல்லை. கடைக்குப் போய்க் கேட்டால், "வலி மாத்திரைதான் தம்பி, எல்லாரும் வாங்குறதுதான்" என்றார். நான் விடவில்லை. துண்டை வைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாக ஒப்பிட்டுப் பார்க்க வைத்தேன். டைக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை அது. இன்னொரு கடையில் வாங்கிய துண்டு அசிக்ளோஃபெனாக் சேர்ந்தது. இரண்டும் ஒரே வகை. வலி குறையாத நாளில் மாமா இரண்டையும் போட்டிருக்கிறார், வேறு வேறு மருந்து என்ற நினைப்பில். டைக்ளோஃபெனாக் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. எப்போது வாங்கினாலும் பெயர் உள்ள பக்கத்தோடு வெட்டித் தரச் சொல்லுங்கள், கையோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

எண்டோஸ்கோபியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஆழமான புண் ஒன்றும், சுற்றிலும் சின்னச் சின்ன உரசல்களும் தெரிந்தன. கசிந்துகொண்டிருந்த இடத்தில் ஊசி போட்டு, கிளிப்பும் மாட்டினார்கள். பிறகு வயிற்று மருத்துவர் படத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். இரைப்பை தன் அமிலத்திலேயே அரிபடாமல் இருப்பதற்குக் காரணம், உள்சுவரில் இருக்கும் சளிப்படலமும் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் நல்ல ரத்த ஓட்டமும். இவற்றைப் பராமரிப்பவை உடம்பே தயாரிக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருட்கள். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை அவை உருவாவதையே தடுப்பதால், மூட்டு வலி குறைகிற அதே நேரத்தில் வயிற்றின் காப்பும் குறைகிறது. இது பெரும்பாலும் ரத்தத்தின் வழியாக நடப்பது. அதனால் "சாப்பிட்டுட்டுத்தானே போட்டேன்" என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது, ஊசியாகப் போட்டாலும் ஆபத்து போகாது.

மது வேலை செய்வது மேலிருந்து. பிராந்தி மாதிரிக் காட்டமான சரக்கு, ஏற்கெனவே காப்புக் குறைந்த சுவரை நேரடியாகப் புண்ணாக்கி, அமிலம் உள்ளே இறங்க வழி விடுகிறது. மூன்றாவதாக ரத்த உறைவு. கசிகிற இடத்தை அடைக்க வேண்டிய தட்டணுக்களின் வேலையை இந்த மாத்திரைகளும் மந்தமாக்கும், அதிகமான மதுவும் மந்தமாக்கும். ஆகவே புண் வரும் வாய்ப்பும் கூடுகிறது, வந்த புண்ணில் ரத்தம் நிற்காமல் போகும் வாய்ப்பும் கூடுகிறது.

"காலையில மாத்திர, ராத்திரியிலதான் சரக்கு, ரெண்டையும் சேர்க்கலையே மாப்ளே" என்றார் மாமா. சுவரில் ஏற்பட்ட சேதம் ஆற நாட்கள் ஆகும், சில மணி நேர இடைவெளி போதாது. இன்னொரு மோசமான விஷயம், வலி மாத்திரை வயிற்றுப் புண்ணின் வலியையும் மறைத்துவிடலாம். பலருக்கு ரத்தப்போக்குதான் முதல் அறிகுறி. மாமா குடித்துக்கொண்டிருந்த ஜெலுசில் வகை சிரப்பும் எரிச்சலை அடக்கியதே தவிர, புண்ணைத் தடுக்கவில்லை.

ஒரு குவார்ட்டர்தானே என்பவர்களுக்காக ஒரு கணக்கு. 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் சுமார் 77 மில்லி, எடையில் ஏறக்குறைய 60 கிராம். அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் 14 கிராம், ஆகவே இது நான்குக்கும் மேல். அங்கே சீட்டில்லாமல் விற்கும் வலி மாத்திரைகளில், தினமும் 3 அல்லது அதற்கு மேல் குடிப்பவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்ற எச்சரிக்கையை 1998லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள்.

டிஸ்சார்ஜ் அன்றும் ஒரு திடுக்கிடல். மூட்டுக்காக வந்து பார்த்த எலும்பு மருத்துவர் எழுதிய சீட்டில் மறுபடியும் அசிக்ளோஃபெனாக். பார்மசி வரிசையில் நின்றபடி வாசித்ததால் கண்ணில் பட்டது. மேலே போய்ச் சண்டை போடாத குறையாக நின்று, அந்த மருந்தைச் சீட்டிலிருந்து நீக்க வைத்தேன். வீட்டுக்குத் தரும் தாளில் "இந்த வகை வலி மாத்திரைகள் கூடாது" என்று எழுதியும் வாங்கினேன். இனிப் பல் டாக்டரிடம் போனாலும் அந்தத் தாள் கூடவே போகும். பதிலாகக் கொடுத்தது பாராசிட்டமால். அது வயிற்றுக்குப் பரவாயில்லை, ஆனால் தொடர்ந்து குடித்தவரின் கல்லீரலுக்கு ஆகாது என்பதால், நாளுக்கு 2 கிராமுக்கு மேல் போகவே கூடாது என்று மாமாவுக்கு அளவு சொல்லியிருக்கிறார்கள். குடி அறவே கூடாது. அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல் மாத்திரை காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு.

வீட்டுக்கு வந்த பிறகு அத்தை ஒருநாள் பதறிப்போய் போன் செய்தார், மலம் மறுபடி கறுப்பு என்று. அது இரும்புச்சத்து மாத்திரையின் வேலை. அந்தக் கறுப்பு கெட்டியாக, லேசான பச்சை கலந்து இருக்கும், பிசுபிசுப்போ அந்த நாற்றமோ இருக்காது. தார் மாதிரி ஒட்டினாலோ தலைசுற்றல் சேர்ந்து வந்தாலோ, போன் செய்துகொண்டிருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன்.