பத்துக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில்

மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் நான். வயலில் நிற்கும் நீரைப் பார்த்ததும் இன்னும் எத்தனை நாளில் வற்றும் என்று சொல்வதற்கு எங்கள் வீட்டில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா, கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்பதே எங்கள் பேச்சு. அந்தக் கண்ணோடுதான் வேதாரண்யத்து உப்பளம் ஒன்றில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்தேன். 1930இல் ராஜாஜி தலைமையில் நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளியதை நினைவுகூரும் தூண் நிற்கிறதே, அதே அகஸ்தியம்பள்ளிக்குப் பக்கத்தில்தான் எங்கள் பாத்திகள்.

உப்பளத்தில் எல்லாரும் டிகிரிக் கணக்கில்தான் பேசுவார்கள். நீரில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழாயில் பதிந்திருக்கும் போமே அளவு அது. அந்த அளவை வகுத்தபோதே, வெறும் தண்ணீரைச் சுழி என்றும் 15 சதவீத உப்பு நீரைப் பதினைந்து என்றும் வைத்துக்கொண்டார்கள். ஆகவே டிகிரியை ஏறக்குறைய உப்பின் சதவீதமாகவே எடுத்துக்கொள்ளலாம். கடல்நீர் மூன்று, மூன்றரையில் வரும். சமையல் உப்பு இருபத்தைந்தை ஒட்டிப் படியத் தொடங்கும்.

அது வைகாசி மாதம், மேல்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. காய்ச்சும் பாத்தி ஒன்றில் பத்து டிகிரி நீர் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நின்றது. புது நீர் வராமல் மடையை அடைத்துவிட்டு நாள்தோறும் அளந்து நோட்டில் எழுதினேன். ஐந்து நாள் கழித்துப் பன்னிரண்டரை காட்டியது. ஐந்து நாளில் இரண்டரை டிகிரி ஏறியிருக்கிறது, இன்னும் பன்னிரண்டரை ஏற வேண்டும், அப்படியானால் இருபத்தைந்து நாள் ஆகும் என்று கணக்குப் போட்டேன். அந்த நீரை வாங்க வேண்டிய உப்புப் பாத்திகளின் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலையை மூன்றாவது வாரத்துக்குத் தள்ளிவைத்து, ஆட்களை வேறு வரப்பு வேலைக்கு அனுப்பினேன்.

மேஸ்திரி என்னைவிட முப்பது வயது மூத்தவர். "தம்பி, இது பதின்மூன்று நாள் தாங்காது. பாத்தியை இப்போதே மிதிக்கச் சொல்லுங்கள்" என்றார். நோட்டைக் காட்டினேன். "நீங்கள் டிகிரியைப் பார்க்கிறீர்கள், நான் ஆழத்தைப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் எனக்கு அப்போது விளங்கவில்லை.

கணக்கு இதுதான். பாத்தியில் ஒரு சதுர மீட்டரை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் மேல் நின்ற நீரின் எடை ஏறத்தாழ 160 கிலோ. பத்து சதவீதம் என்றால் அதற்குள் 16 கிலோ உப்பு. வெயில் கொண்டுபோவது தண்ணீரை மட்டும்தான், உப்பு அப்படியே இருக்கிறது. அந்த 16 கிலோ பன்னிரண்டரை சதவீதமாகத் தெரிய வேண்டுமானால் மொத்த எடை 128 கிலோவாக இறங்க வேண்டும். அதாவது இரண்டரை டிகிரி ஏற 32 கிலோ தண்ணீர் போயாக வேண்டும். அந்த வெயிலில் நாளுக்கு ஆறு கிலோவுக்குச் சற்று மேல் போனதால் ஐந்து நாள் பிடித்தது. இனி இருபத்தைந்து சதவீதத்துக்கு மொத்த எடை எவ்வளவாக வேண்டும்? 64 கிலோ. போக வேண்டியதும் இன்னொரு 64 கிலோதான். முதல் இரண்டரை டிகிரிக்கு 32 கிலோ செலவானது. அடுத்த பன்னிரண்டரை டிகிரிக்கு அதைப் போல இரு மடங்குதான். நானோ ஐந்து மடங்கு என்று எழுதி வைத்திருந்தேன்.

நீர் ஒரே சீராகக் குறைகிறது, சதவீதம் அப்படி ஏறுவதில்லை. மீதி நீர் பாதியானால் சதவீதம் இரட்டிப்பாகும். மூன்றரையிலிருந்து ஏழுக்குப் போகக் கடல்நீரில் பாதியை இழக்க வேண்டும். பன்னிரண்டரையிலிருந்து இருபத்தைந்துக்குப் போகவும் பாதிதான், ஆனால் அந்தப் பாதி மிகச் சிறியது. அதனால் கடைசியில் டிகிரி ஓடுகிறது.

அந்த ஓட்டத்துக்கு ஒரு தடையும் உண்டு. உப்பு ஏற ஏற நீர் ஆவியாவது மந்தமாகும். நிறைவுற்ற உப்பு நீருக்கு மேல் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால் ஆவியாதல் நின்றே போகும். அதற்கு மேல் போனால் காற்றிலிருந்து நீரை அது இழுத்துக்கொள்ளும். கடலோர இரவுகளில் இது சாதாரணம். விடியற்காலையில் முந்திய மாலையைவிட டிகிரி சற்றுக் குறைந்திருப்பதைப் பார்த்து முதலில் கருவியைச் சந்தேகித்திருக்கிறேன். மேஸ்திரியின் கணக்கில் இந்த மந்தமும் சேர்ந்திருந்தது. நாளுக்கு ஐந்து கிலோ என்று வைத்தால் 64 கிலோவுக்குப் பதின்மூன்று நாள்.

பன்னிரண்டாம் நாள் உச்சி வெயிலில் அளந்தேன். இருபத்து மூன்றரை காட்டியது. இன்னும் பொழுது இருக்கிறது என்று நினைத்தேன். சூடான நீர் விரிந்து இலேசாகும், குழாய் கூடுதலாக அமிழும், உண்மையைவிட ஒரு டிகிரி வரை குறைவாகக் காட்டும் என்பதை அன்று மறந்துவிட்டேன். மறுநாள் பிற்பகல் மேஸ்திரி என்னைப் பாத்தியின் கீழ்க்கரைக்கு அழைத்துப் போனார். காற்று ஒதுக்கிய ஓரத்தில் நீரின் மேல் மெல்லிய ஆடை படிந்திருந்தது. உள்ளங்கையால் அள்ளினேன். மிளகளவு சதுரங்கள், ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, சின்னத் தோணி போல மிதந்தது. விரல் பட்டதும் மூழ்கியது. காலை உள்ளே வைத்தேன். சேற்றுக்கு மேல் நறநறவென்று இருந்தது.

உப்புப் பாத்திகள் தயாராக இல்லை. ஆட்களைத் திருப்பி அழைத்து மிதித்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. நிறைவுக்குப் பிறகு சதவீதம் முன்போல் ஏறாது. போகும் ஒவ்வொரு கிலோ தண்ணீருக்கும் ஏறக்குறைய 350 கிராம் உப்பு கீழே இறங்கிவிடும். மூன்று நாளில் சதுர மீட்டருக்கு 15 கிலோ தண்ணீர் போனது என்றால் ஐந்து கிலோ உப்பு. மொத்தமிருந்த பதினாறில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அது படிந்த இடமும் தவறானது. பதின்மூன்று டிகிரியைத் தாண்டியதிலிருந்து ஜிப்சம் இறங்கிக்கொண்டிருந்த தரை அது. மண்ணும் ஜிப்சமும் கலந்த அந்த உப்பை வாரி விற்க முடியாது. அடுத்த நீரில் கரையவிட்டோம். உழைத்தவர்களின் கூலிக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

அதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. உப்புப் பாத்தியில் வாராமல் காத்திருந்தால் மீதி நீரில் மெக்னீசியம் செறிந்துகொண்டே போகும். சமையல் உப்பு இறங்கினாலும் டிகிரி அதனால் தொடர்ந்து ஏறும். முப்பதை நெருங்கும்போது அந்தக் கசப்பு நீரை வெளியேற்றாவிட்டால் உப்பும் கசக்கும், ஈரமும் இழுக்கும்.

அடுத்த மடை அடைத்த அன்று மூங்கில் கோல் ஒன்றை நட்டு அரை சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு வெட்டினேன். ஆழம் பாதியானதும் இரட்டிப்பு என்று முதலில் எழுதினேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, பாதிக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு போடச் சொன்னார். தடித்த நீர் அதே எடைக்குக் குறைந்த இடம்தான் பிடிக்கும். பத்து டிகிரியில் 15 சென்டிமீட்டர் நின்றால், இருபதில் ஏழரைக்குப் பதில் ஏழுதான் நிற்கும். கோலில் நீர் ஏழைத் தொட்ட காலையில் ஆட்கள் ஏற்கெனவே உப்புப் பாத்தியை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.