இருபது அணிகள், முப்பத்தெட்டு வாரங்கள்: பம்ப் சார்ட் ப்ராஜெக்டில் நான் கற்றது

தரவுக் காட்சிப்படுத்தல் படிப்பின் கடைசி ப்ராஜெக்டுக்கு 2015-16 இங்கிலீஷ் பிரீமியர் லீக்கை எடுத்தேன், லெஸ்டர் சிட்டி கோப்பை வென்ற சீசன். கிடைமட்டத்தில் வாரம், செங்குத்தில் பட்டியலில் பிடித்த இடம், அணிக்கு ஒரு கோடு. இதுதான் பம்ப் சார்ட். வைவாவில் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: "செல்சி எங்கே போகுதுன்னு காட்டுங்க." நீலக் கோட்டில் விரலை வைத்து நகர்த்தினேன். இரண்டு மூன்று வெட்டுகள் தாண்டியதும் விரல் எவர்ட்டன் கோட்டில் நின்றது. இரண்டும் நீலம்.

அணியின் ஜெர்சி நிறத்தையே கோட்டுக்குக் கொடுத்ததுதான் தப்பு. ஆர்சனல், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், சவுத்தாம்ப்டன், சண்டர்லேண்ட் எல்லாமே சிவப்பு. சரி, இருபது வேறு நிறம் தேடலாமே என்றால், இருபதைப் பிரித்து நினைவில் வைக்க எந்தக் கண்ணாலும் முடியாது. மறுசமர்ப்பிப்பில் பதினேழு அணிகளை வெளிர் சாம்பலாக்கி, மூன்றுக்கு மட்டும் நிறம் கொடுத்தேன்: லெஸ்டர், செல்சி, ஆஸ்டன் வில்லா. முந்தைய சீசனில் 14ஆம் இடம் பிடித்த லெஸ்டர் முதலிடம் வந்தது. நடப்புச் சாம்பியன் செல்சி, 16 ஆட்டம் முடிந்தபோது 16ஆம் இடத்தில் கிடந்தது. அந்த டிசம்பரில்தான் பயிற்சியாளர் மொரின்யோவை நீக்கினார்கள். பிறகு மெல்ல ஏறி 10ஆம் இடத்தில் முடித்தது. வில்லா கடைசி. எந்த மூன்று என்பதை, சொல்லப்போகும் கதைதான் முடிவுசெய்ய வேண்டும்.

நிறக்குறிப்புப் பெட்டியைத் தூக்கிவிட்டேன். அணிப் பெயர்களைக் கோட்டின் வலது முனையிலேயே எழுதினேன். இடங்கள் 1 முதல் 20 வரை சம இடைவெளியில் இருப்பதால் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவே ஏறாது; பம்ப் சார்ட்டில் இலவசமாகக் கிடைக்கும் வசதி இது. நிறமுள்ள கோட்டுக்கு அடியில் அதைவிடத் தடிமனாக ஒரு வெள்ளைக் கோடு போட்டால், வெட்டும் இடத்தில் அது மேலே போவது தெளிவாகத் தெரியும். வாரத்துக்கு ஒரு புள்ளி வைத்திருந்தேன், மொத்தம் 760. அத்தனையையும் நீக்கினேன். முதல் நான்கு வாரங்களையும் வெட்டினேன். அப்போது ஒரு வெற்றியே ஓர் அணியைப் பல இடம் தூக்கிவிடும் என்பதால், படத்தின் இடது ஓரம் நூல்கண்டு மாதிரி சிக்கிக்கிடந்தது.

ஆனால் மதிப்பெண் அதிகம் போனது கணக்கில். `rank(ascending=False)` என்று சும்மா போட்டால் சமப் புள்ளி உள்ள அணிகளுக்குச் சராசரி இடம் வரும். சீசன் முடிவில் மான்செஸ்டர் சிட்டியும் யுனைடெட்டும் 66 புள்ளிகள். என் படத்தில் இரண்டும் 4.5இல் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. லீக் விதிப்படி புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்:

```python
df = df.sort_values(["week", "pts", "gd", "gf"],
                    ascending=[True, False, False, False])
df["pos"] = df.groupby("week").cumcount() + 1
```

சிட்டியின் வித்தியாசம் +30, யுனைடெட்டுடையது +14. சிட்டி 4, யுனைடெட் 5. இடத்தை வரையும்போது செங்குத்து அச்சைத் தலைகீழாக்கும் `ax.invert_yaxis()` மறந்தால் லெஸ்டர் தரையில் கிடக்கும்.

அடுத்து, "வாரம்" என்றால் என்ன? 2016 மே 15, கடைசி நாள். யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் சந்தேகத்துக்குரிய பொருள் கிடைத்து, யுனைடெட் - போர்ன்மவுத் ஆட்டம் தள்ளிப்போனது. அன்று இரவு யுனைடெட் 63 புள்ளி, +12. சவுத்தாம்ப்டனும் 63, ஆனால் +18. எனவே யுனைடெட் 6ஆம் இடம். மே 17இல் 3-1 என்று வென்று 5க்குத் திரும்பியது. ஆட்டச் சுற்றின்படி வரைந்தால் இந்த இறக்கம் படத்திலேயே இருக்காது. தேதிப்படி வரைந்தால் இருக்கும். தள்ளிவைத்த ஆட்டங்களைப் பழைய சுற்றிலேயே சேர்த்தால், எந்த நாளிலும் இருந்திராத ஒரு பட்டியல் வந்துவிடும். வாசகர் அன்றன்று செய்தித்தாளில் பார்த்த நிலையைக் காட்ட வேண்டும் என்பதால் நான் தேதியைத் தேர்ந்தேன், அதைப் படத்தின் அடியில் ஒரு வரியில் எழுதினேன்.

கடைசியாக, இந்தப் படம் மறைக்கும் ஒன்றைத் தேர்வாளரே சுட்டினார். லெஸ்டருக்கும் ஆர்சனலுக்கும் இடையே 10 புள்ளி, நார்விச்சுக்கும் வில்லாவுக்கும் இடையே 17, சிட்டிக்கும் யுனைடெட்டுக்கும் இடையே பூஜ்யம். படத்தில் மூன்றும் ஒரே ஒரு படி. அதனால் வலது முனையில் பெயருக்குப் பக்கத்தில் இறுதிப் புள்ளியையும் சேர்த்தேன்: லெஸ்டர் 81, ஆர்சனல் 71, கீழே நார்விச் 34, வில்லா 17. பிறகு கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, கால்பந்தே பார்க்காத என் அறைத்தோழியிடம் நீட்டி, தேர்வாளர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். வெள்ளை ஓரம் வைத்த கோட்டைப் பிடித்து, தடுமாறாமல் 16இலிருந்து 10 வரை கொண்டுபோய் நிறுத்தினாள்.