ரேட்டர் தகுதிச் சுற்று: சராசரி சரியாக இருந்தும் ஏன் ஃபெயில்?

ஆங்கிலத் திறன் தேர்வு ஒன்றில் கட்டுரையும் பேச்சும் திருத்தும் ரேட்டர் வேலைக்கான தகுதிச் சுற்று ஒருவழியாக முடிந்தது. விண்ணப்பம், சான்றிதழ் சரிபார்ப்பு, ரகசியக் காப்பு ஒப்பந்தம் எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. ஆளை வாட்டியது, நாம் போடும் மதிப்பெண் நிபுணர்கள் போட்டதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் காலிபரேஷன்தான். அடுத்து எழுதப்போகிறவர்களுக்காக இதைப் பதிகிறேன். உண்மையான விடைத்தாள்களை வெளியே சொல்லக் கூடாது. அதனால் கீழே வரும் எண்களும் கட்டுரையும் நான் அமைத்த மாதிரிகள்.

முதல் எரிச்சல், பயிற்சித் தொகுப்பிலேயே இருந்தது. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளப் பெஞ்ச்மார்க் கட்டுரைகள் தருவார்கள். ‘இது ஏன் 3, ஏன் 4 இல்லை’ என்று விளக்கும் குறிப்பும் கூடவே வரவேண்டும். எங்களுக்கு வந்த தொகுப்பில் 1, 2, 5 ஆகியவற்றுக்குக் குறிப்பு இருந்தது. 3, 4 இரண்டுக்கும் இல்லை. கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு வந்த பதில், ‘ரூப்ரிக்கை மீண்டும் படிக்கவும்’. எந்த மதிப்பெண்ணுக்கு என்ன தகுதி என்று சொல்லும் அந்த ரூப்ரிக்கில் 4-க்கு ‘பெரும்பாலும் வளர்த்தெடுக்கப்பட்டது’ என்றும் 3-க்கு ‘ஓரளவு வளர்த்தெடுக்கப்பட்டது’ என்றும்தான் இருக்கும். பெரும்பாலும் எங்கே முடிகிறது, ஓரளவு எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்வதற்குத்தானே அந்தக் குறிப்பு? கட்டுரைகளில் பெரும்பகுதி இந்த இரண்டு மதிப்பெண்களைச் சுற்றித்தான் விழும். எனவே குறிப்பு முழுதாகக் கைக்கு வரும்வரை தகுதித் தொகுப்பைத் திறக்காதீர்கள். திறந்துவிட்டால் ஒரு வாய்ப்பு கணக்கில் போய்விடும்.

தகுதித் தொகுப்பில் எதைப் பார்க்கிறார்கள் என்பது பலருக்குப் புரிவதில்லை. நிபுணர் குழு முன்பே முடிவுசெய்த மதிப்பெண்ணோடு நம்முடையது எத்தனை இடத்தில் அச்சாகப் பொருந்துகிறது, எத்தனை இடத்தில் ஒரு புள்ளி விலகுகிறது, எங்கேனும் இரண்டு புள்ளி விலகுகிறதா என்பதுதான் கணக்கு. வரம்பு தேர்வுக்குத் தேர்வு மாறும். 10 கட்டுரைக்குக் குழு இட்டது 3, 4, 2, 5, 3, 4, 3, 1, 4, 3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரேட்டர் 3, 3, 3, 4, 3, 3, 3, 2, 3, 3 என்று போடுகிறார். குழுவின் சராசரி 3.2, இவருடையது 3.0. இரண்டு புள்ளி விலகல் ஒன்றுகூட இல்லை. பார்த்தால் நல்ல ரேட்டர் மாதிரிதான் தெரியும். ஆனால் அச்சாகப் பொருந்தியது நான்கே நான்கு. 4 பெறவேண்டிய மூன்றும் 3 ஆகிவிட்டன, 5 பெறவேண்டியது 4 ஆகிவிட்டது, 1-ம் 2-ம் மேலேறிவிட்டன.

நடுவில் ஒண்டிக்கொள்ளும் இந்தப் பழக்கம்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரு புள்ளி குறைத்துப் போடும் கண்டிப்பான ரேட்டரைத் திருத்துவது எளிது, ‘கொஞ்சம் தளர்த்துங்கள்’ என்றால் போதும். நடுவில் நிற்பவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. மேலே உயர்த்தவும் வேண்டும், கீழே இறக்கவும் வேண்டும். பயிற்சித் தொகுப்பை முடித்ததும் உங்கள் மதிப்பெண்களையும் குழுவின் மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தவறு எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். மொத்தம் எத்தனை சரி என்பதை மட்டும் எண்ணினால் இது தெரியவே தெரியாது. எனக்குப் பயன்பட்ட வழி, 3-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு கூட்டிக் குறைக்காமல், கையிலுள்ள கட்டுரையை நேராக 4-க்கான பெஞ்ச்மார்க்கோடும் 2-க்கான பெஞ்ச்மார்க்கோடும் ஒப்பிட்டு எது நெருக்கம் என்று கேட்பது.

அடுத்த கண்ணி, மனப்பாடக் கட்டுரை. ‘நகர மையத்தில் கார்களைத் தடை செய்யலாமா?’ என்பது தலைப்பு. 310 சொல்லில் பிசிறில்லாத ஆங்கிலம். ‘நவீன உலகில் பெரும் விவாதத்துக்குள்ளான ஒரு பிரச்சினை’ என்று தொடங்கும் பத்தி, அடுத்ததில் சுற்றுச்சூழல் மாசு பற்றிப் பொதுவாக நாலு வாக்கியம், பிறகு அரசும் தனிமனிதரும் கைகோக்க வேண்டும் என்ற முடிவு. தடை வேண்டுமா வேண்டாமா என்பது எங்குமே இல்லை. ‘கார்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘பிளாஸ்டிக்’ என்று போட்டாலும் கட்டுரை அப்படியே நிற்கும். அந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், மனப்பாடம் உடனே பிடிபடும். எந்தப் பகுதி சொந்தமாக எழுதியது என்று பிரித்து, அதற்கு மட்டும் மதிப்பெண் போட வேண்டும் என்பது எங்களுக்குச் சொன்ன விதி. இந்தக் கட்டுரைக்கு 2 வரும்.

தானாகவே மதிப்பெண் போடும் மென்பொருளிடம் கொடுத்தால் இதே கட்டுரை 4 வாங்கலாம். காரணம் சூழ்ச்சி ஒன்றுமில்லை. இ-ரேட்டர் போன்ற மென்பொருள்கள் ஏற்கெனவே மனிதர் திருத்திய கட்டுரைகளிலிருந்து கற்றவை. பிழைகளின் அடர்த்தி, வாக்கிய வகைகள், சொற்களின் அரிய தன்மை, பத்தி அமைப்பு, வளர்ச்சியின் அளவு போன்ற கூறுகளை அளந்து, ‘ஒரு மனித ரேட்டர் எவ்வளவு போட்டிருப்பார்’ என்று கணிக்கின்றன. நீளமாகவும் பிழையின்றியும் எழுதுபவர் பொதுவாக நன்றாக வாதிடவும் செய்வார் என்பதால் கணிப்பு பெரும்பாலும் பலிக்கிறது. மனப்பாடக் கட்டுரையில் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. எம்ஐடியில் எழுத்துக் கல்வி கற்பித்த லெஸ் பெரல்மன், பொருளற்ற வாக்கியங்களை அடுக்கித் தரும் ‘பேபல்’ என்ற நிரலை மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கி, அந்த உளறலுக்கும் மென்பொருள் உயர்ந்த மதிப்பெண் தருவதைக் காட்டியிருக்கிறார்.

எங்கள் அமைப்பில் மனிதர் 2, மென்பொருள் 4 என்று வந்தால் கட்டுரை மூத்த ரேட்டரிடம் போகும். ஒரு புள்ளிதான் இடைவெளி என்றால் சராசரி எடுத்து முடித்துவிடுவார்கள். சங்கடமே இங்கேதான். சந்தேகப்பட்டு நீங்கள் 3 போட்டுவிட்டால் 3.5 ஆகி, யாரும் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். உறுதியாக 2 போட்டால்தான் அது இன்னொருவர் கண்ணுக்குப் போகிறது. மென்பொருளின் மதிப்பெண் நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆகவே இப்படிப்பட்ட கட்டுரையில் நடுவழி தேடாதீர்கள். தலைப்போடு தொடர்பில்லை என்று குறிக்கும் பொத்தான் இருந்தால் அதையும் அழுத்துங்கள்.

பேச்சுப் பகுதியில் பிரச்சினை வேறு. 45 விநாடிப் பதில்தான், ஆனால் பழகிய உச்சரிப்பு என்றால் காது தானாகவே விடுபட்டதை நிரப்பிக்கொள்ளும். நம் மொழிக்காரர் பேசினால் முழுதும் புரிகிறது, மதிப்பெண்ணும் கூடிவிடுகிறது. எங்கள் பயிற்சியாளர் இதை ஒரே வரியில் தாண்டிவிட்டார். தகுதித் தொகுப்பிலோ இத்தகைய பதிவுகளே நிறைய. நிறுத்தங்களைக் குறித்துக்கொள்வது இதற்கு நல்ல மருந்து. வாக்கியம் முடிந்த இடத்தில் விழும் நிறுத்தம் யோசனை. சொற்றொடரின் நடுவில் விழுவது சொல் கிடைக்காத தடுமாற்றம். காகிதத்தில் இரண்டையும் வெவ்வேறு கோடாகப் போட்டால், புரிந்துவிட்டது என்ற திருப்தி மதிப்பெண்ணை ஏற்றாது. மென்பொருளும் பேச்சு வேகத்தையும் நிறுத்தங்களையும் அளக்கிறது. ஆனால் மைக்கில் இரைச்சல் இருந்தால் பேச்சை எழுத்தாக்கும் கட்டத்திலேயே சொற்கள் சிதைந்து, நல்ல பதிலும் கீழே போகும். அப்படிப்பட்ட பதிவைத் தொழில்நுட்பக் கோளாறு என்று குறிக்கவேண்டும். ஊகத்தில் மதிப்பெண் போடக் கூடாது.

தேறிவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் ஒரு சிறிய காலிபரேஷன் இருக்கும். தவறினால் அன்றைக்கு வேலை இல்லை. அதைத் தாண்டியபின், குழு முன்பே திருத்திவைத்த கட்டுரைகளை அடையாளம் தெரியாமல் நடுவில் கலந்து அனுப்புவார்கள். தொடர்ந்து நான்கைந்து நல்ல கட்டுரைகள் வந்தபின் வரும் சுமாரான கட்டுரை, இருப்பதைவிட மோசமாகத் தெரியும். கலந்து அனுப்பியதில் என் விலகல்கள் அங்கேதான் விழுந்தன. இப்போது அப்படி ஒரு வரிசை வந்தால் அடுத்ததைத் திறக்கும் முன் 3-க்கான பெஞ்ச்மார்க்கை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுகிறேன். இரண்டு நிமிடம் போகிறது, திருத்தும் வேகக் கணக்கில் அது உறுத்தும். பரவாயில்லை.