முட்டையில் நீர் விடுவது எங்கிருந்து? நாலு வாரம் தெர்மாமீட்டரோடு

எங்கள் வீட்டில் முட்டை பொரியல் தட்டுக்கு வந்த ரெண்டாவது நிமிஷம் ஓரத்தில் மஞ்சளாகத் தண்ணீர் கட்டும். வாயில் போட்டால் ரப்பர் மாதிரி இருக்கும். ஈரமாகவும் இருக்கிறது, இறுகியும் இருக்கிறது, இது எப்படி என்பதுதான் என் கேள்வி. அம்மாவுக்கு அதில் குழப்பமே இல்லை. "இன்னும் ஈரமா இருக்கு பாரு, ரெண்டு பிரட்டு பிரட்டி எடு" என்பார். நானும் பிரட்டுவேன். அடுத்த தடவை தண்ணீர் இன்னும் கூடுதலாக வரும்.

கேக் செய்வதற்காக வாங்கிய தராசும், குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரும் வீட்டில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தோறும் கொஞ்சம் முட்டை செலவழித்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன்.

முதல் ஞாயிறு: கல் வேண்டாம், டம்ளர் போதும்

கல்லில் ஊற்றினால் கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும், எதையும் பார்க்க முடியாது. அதனால் மூன்று சின்ன எவர்சில்வர் டம்ளர்கள் எடுத்தேன். ஒன்றில் வெள்ளைக்கரு, ஒன்றில் மஞ்சள்கரு, மூன்றாவதில் ரெண்டையும் அடித்துக் கலந்தது. ஒரு பாத்திரத் தண்ணீரில் மூன்றையும் நிறுத்தி, அடுப்பைச் சிம்மில் வைத்து மெதுவாகச் சூடேற்றினேன்.

60 டிகிரி செல்சியஸ் வரை ஒன்றும் இல்லை. 62-ஐத் தாண்டியதும் வெள்ளைக்கருவில் பால் கலந்த மாதிரி ஒரு மங்கல். 65-ல் டம்ளரைச் சாய்த்தால் மொத்தமாக நகர்ந்தது, ஆனால் ஊற்ற வரவில்லை. இளநீர் வழுக்கையைவிட இளசு. மஞ்சள்கரு அப்போதுதான் கெட்டியாகத் தொடங்கியிருந்தது. 70-ல் அதில் ஸ்பூனை நட்டால் நின்றது. கலந்த முட்டை மட்டும் அப்போதும் ஊற்றும் பதத்தில் இருந்தது. 73, 74 வந்த பிறகுதான் அது திரண்டது. மஞ்சள்கருவும் வெள்ளைக்கருவும் ஒன்றையொன்று நீர்த்துப்போகச் செய்வதால், சேர்ந்து இறுக அதிகச் சூடு வேண்டியிருக்கிறது.

இன்னும் சூடேற்றினேன். 80-ஐத் தாண்டியதும் வெள்ளைக்கரு வேறு பொருளாகிவிட்டது. அழுத்தினால் எகிறியது. டம்ளர் ஓரத்தில் முதல் தடவையாகத் தண்ணீர் தெரிந்தது. தண்ணீரே ஊற்றாத டம்ளரில் தண்ணீர்.

வெள்ளைக்கரு என்பது ஒரே புரதம் இல்லை. ஓவோட்ரான்ஸ்ஃபெரின் என்று ஒன்று, மொத்தப் புரதத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். 62 டிகிரி வாக்கில் முதலில் இறுகுவது அதுதான். கொஞ்சமாக இருப்பதால் அதன் பிடியும் மென்மையாகவே இருக்கும். பாதிக்கு மேல் இருப்பது ஓவால்புமின். அது 80 டிகிரி வரும்வரை பெரும்பாலும் அசையாது, வந்ததும் மொத்தமாகக் கைகோத்துக்கொள்ளும். நாம் ரப்பர் என்று திட்டுவது இந்த ரெண்டாவது ஆளின் வேலை.

தண்ணீர் எங்கே இருந்தது என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். பச்சையில் புரதங்கள் சுருட்டி வைத்த நூல் உருண்டைகள் மாதிரி அதில் மிதக்கின்றன. சூடு பட்டதும் உருண்டை பிரிந்து, நூலும் நூலும் முடிச்சுப் போட்டு வலையாகிறது. வலைக் கண்களில் தண்ணீர் தங்குகிறது, அதுதான் வழுவழுப்பு. மேலும் சூடேற்றினால் முடிச்சுகள் கூடி வலை சுருங்குகிறது. நனைந்த வேட்டியை ரெண்டு பேர் முறுக்குகிற மாதிரி தண்ணீர் வெளியே வருகிறது. ஆக ரப்பரும் தண்ணீரும் வெவ்வேறு பிரச்சினை இல்லை. ஒரே முறுக்கில் உள்ளே மிஞ்சுவது ரப்பர், வெளியே சொட்டுவது தண்ணீர்.

இந்த டிகிரிக் கணக்கை கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெதுவாகச் சூடேற்றினால் கொஞ்சம் முன்னாடியே இறுகும், வேகமாகப் போனால் கொஞ்சம் தள்ளி இறுகும்.

ரெண்டாம் ஞாயிறு: தராசு

ஒவ்வொரு தடவையும் ரெண்டு முட்டை, ஓடு போக நூறு கிராம் சொச்சம். ஒரு ஸ்பூன் நெய், ஒட்டாத வாணலி. வெங்காயம், தக்காளி எதுவும் கிடையாது. செய்து முடித்ததும் டீ வடிகட்டியில் கொட்டி, பத்து நிமிஷத்தில் கீழே சொட்டுவதை எடை பார்த்தேன்.

பெரிய தீயில் அம்மா சொன்ன மாதிரி பிரட்டி எடுத்ததில் 6 கிராம் சொட்டியது. சிம்மில் கரண்டியால் விடாமல் கிளறி, பார்க்க இன்னும் ஈரப் பளபளப்பு இருக்கும்போதே இறக்கியதில் 1 கிராம்கூட இல்லை. அடுப்பில் இருக்கும்போது ஈரமாகத் தெரிந்ததுதான் தட்டில் காய்ந்து நின்றது. அடுப்பிலேயே காய்ந்ததாகத் தெரிந்தது தட்டில் அழுதது.

இறக்கும்போது குத்திப் பார்த்தால் 69, 70 காட்டியது. வாணலியிலேயே விட்டு வைத்தபோது ஒரே நிமிஷத்தில் 75-ஐத் தொட்டது. அடுப்பை அணைத்தாலும் பாத்திரம் அணையாது. கனமான இரும்புக் கல்லில் இது இன்னும் மோசம். அதனால் இப்போதெல்லாம் தட்டை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் முட்டையை ஊற்றுகிறேன்.

துப்பாக்கி மாதிரி தூரத்திலிருந்து காட்டும் தெர்மாமீட்டர் இந்த வேலைக்கு உதவாது. அது மேல்பரப்பை மட்டும்தான் பார்க்கும், பளபளக்கும் பாத்திரத்தில் தப்பாகவும் காட்டும். குத்துகிற தெர்மாமீட்டராக இருந்தாலும் முட்டையை ஒரு மூலையில் குவித்துத்தான் குத்த வேண்டும்.

அன்றைக்கே பாலும் பார்த்தேன். "பால் ஊத்தினா மெத்துனு வரும்" என்று எல்லோரும் சொல்வார்கள். ரெண்டு முட்டைக்கு ரெண்டு மேசைக்கரண்டி பால் ஊற்றி, சிம்மில் கவனமாகச் செய்ததிலேயே 4 கிராம் சொட்டியது. பால் ஊற்றினால் புரதங்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. இறுக இன்னும் சூடு கேட்கிறது, வலையும் மெலிந்துபோகிறது. மெத்தென்று இருப்பது நிஜம்தான், ஆனால் உடனே சாப்பிட்டால் மட்டும். ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி. வெண்ணெய் அப்படி இல்லை. கொழுப்பு நூல்களுக்கு நடுவே புகுந்து முடிச்சு நெருக்கமாக விழாமல் தடுக்கிறது.

உப்பு விஷயம் எனக்கே ஆச்சரியம். முன்னாடியே உப்புப் போட்டால் நீர் விடும் என்று நம்பியிருந்தேன். அடித்த முட்டையில் உப்புப் போட்டுக் கால் மணி நேரம் வைத்தேன். நுரை அடங்கி, நிறம் ஒரு படி அடர்ந்து, கண்ணாடி மாதிரி தெளிந்தது. சமைத்தபோது உப்பைக் கடைசியில் தூவியதைவிடக் குறைவாகவே சொட்டியது. உப்பு புரதங்களின் மின்னூட்டத்தை மறைத்து, அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறது என்கிறார்கள். நான் நம்பியதிலும் ஓர் உண்மை இருந்தது, ஆனால் அது வெங்காயத்துக்கு.

மூன்றாம் ஞாயிறு: வெங்காயத் தண்ணீர்

ஆம்லெட்டில் நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு எல்லாவற்றையும் முட்டையோடு கலந்து வைத்தால் உப்பு வெங்காயத்திலிருந்து தண்ணீரை இழுக்கும். இது முட்டை விட்ட நீர் இல்லை, வலைக்குள் போகவே போகாத நீர்.

எந்தத் தண்ணீர் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முட்டையே பஞ்சாக, இளசாக இருந்து, வெங்காயத்தைச் சுற்றி மட்டும் ஈரம் நின்றால் அது காயின் தண்ணீர். காயைத் தனியாக வதக்கி, ஆறவிட்டுச் சேர்த்தால் போதும். முட்டை கடிக்கக் கடினமாக, வெட்டிய இடத்தில் குட்டிக் குட்டிக் குழிகளோடு இருந்து தண்ணீரும் இருந்தால் அது முறுக்கிய தண்ணீர். அதற்குத் தீயைக் குறைப்பதைத் தவிர மருந்து இல்லை. இன்னொன்றும் உண்டு. டிபன் பாக்ஸில் சுடச்சுட வைத்து மூடினால் உள்ளே வெந்துகொண்டேயும் இருக்கும், மூடியில் ஆவி படிந்து திரும்பவும் சொட்டும். அங்கே ரெண்டு குற்றவாளிகள்.

இதற்கு நடுவில் அம்மாவின் கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். முட்டைப் பொடிமாஸ் எப்படி நன்றாக வருகிறது? அதில் சூடு 80-ஐ எல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும். அங்கே தண்ணீர் வெளியே வந்தபிறகும் வாணலியை விட்டு இறக்குவதில்லை. வந்த தண்ணீர் முழுக்க ஆவியாகும்வரை, எண்ணெய் பிரிந்து சலசலவென்று சத்தம் கேட்கும்வரை வதக்குகிறோம். முட்டை ரப்பர்தான், ஆனால் பூந்தி அளவுக்கு உதிர்த்துவிடுவதால் பல்லுக்குத் தெரியாது. ஆக நிறுத்த ரெண்டு இடம் இருக்கிறது: வலை சுருங்குவதற்கு முன்னால், அல்லது பிழிந்த தண்ணீர் காய்ந்த பிறகு. நான் இத்தனை நாள் நடுவில் நிறுத்திக்கொண்டிருந்தேன்.

நாலாம் ஞாயிறு: கலக்கி

ஈரோட்டில் ஒரு பரோட்டாக் கடையில் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மாஸ்டர் டம்ளரில் முட்டையை உடைத்து, ஒரு கரண்டி சால்னா, மிளகுத்தூள், உப்புப் போட்டுக் கலக்கி, எண்ணெய் காய்ந்த கல்லில் ஊற்றினார். கல் நல்ல சூடு. ஓரம் வெளுத்த உடனே திருப்பியால் நாலு பக்கமும் உள்ளே மடித்து, ஒரு புரட்டு, இலையில் தள்ளிவிட்டார். அரை நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்காது. சிம்மில்தான் இளசாக வரும் என்ற என் கணக்கை அது உடைத்தது. கல் சூடாக இருந்தாலும் அது முட்டையின் நடுவுக்குப் போக நேரம் கொடுக்கவில்லை. வெளித்தோல் இறுகி ஒரு பையாகிறது, உள்ளே அந்த 70-க்குப் பக்கத்தில் நிற்கிறது.

சால்னா அத்தனை ஊற்றியும் நீர் விடாததுதான் எனக்குப் புதிர். வீட்டில் மூன்று தடவை செய்தேன். தண்ணீராக இருந்த மேல் சால்னாவை ஊற்றியபோது இலையில் ஓடியது. அடியில் தங்கிய, தேங்காயும் கசகசாவும் பொட்டுக்கடலையும் அரைத்த கெட்டிச் சால்னாவை ஊற்றியபோது நின்றது. ஒருவேளை பொட்டுக்கடலை மாவுதான் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறதோ என்று, மூன்றாவது தடவை சால்னாவே இல்லாமல் அரை ஸ்பூன் சோள மாவை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். நின்றது. மாவு தண்ணீரை உறிஞ்சி ஊதி, நூல்களுக்கு நடுவே முட்டுக்கட்டையாக உட்கார்ந்துகொள்கிறது. ருசிதான் சால்னா பக்கத்தில்கூட வரவில்லை.

உள்ளே இளசாக இருக்கிற கலக்கியைச் சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நான் கொடுப்பதில்லை. சால்மோனெல்லா பயத்துக்கு 71 டிகிரி தாண்ட வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. அவர்களுக்குப் பொடிமாஸ்.

போன வாரம் அம்மாவுக்கு ஈரப் பளபளப்போடு இறக்கிக் கொடுத்தேன். தட்டைச் சாய்த்துப் பார்த்தார், தண்ணீர் இல்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "வேகலையே" என்று திரும்பவும் வாணலியில் போட்டார்.