கவாத்துக் கணக்கும் முதல் வருட மதிப்பெண்ணும்

பீர்மேடு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றின் புதிய மேனேஜருக்கு நான் போட்ட மதிப்பெண் இன்னும் மனதை உறுத்திக்கொண்டிருக்கிறது. தாளில் மூன்றே கட்டங்கள்: மகசூல், ஆட்களின் மனநிலை, வேலையைக் கற்ற வேகம். மூன்றையும் சேர்த்து 'நடுத்தரம்' என்று எழுதி அனுப்பியாயிற்று. அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் வந்த இரண்டாம் வாரம், காட்டு வேலையை மேற்பார்க்கும் கண்டக்டரோடு நடந்த ஒரு பேச்சுக்கே மனம் திரும்பத் திரும்பப் போகிறது.

பேச்சு கவாத்தைப் பற்றியது, அதாவது சில வருடங்களுக்கு ஒரு முறை தேயிலைச் செடியைத் தாழ வெட்டிவிடுவதைப் பற்றியது. 300 ஹெக்டேர் தோட்டம், ஐந்து வருடச் சுற்று. அப்படியானால் வருடத்துக்கு 60 ஹெக்டேர் வெட்டியாக வேண்டும். முந்தைய மேனேஜர் தன் கடைசி வருடத்தில் 30 மட்டும் வெட்டிவிட்டுப் போயிருந்தார். மீதி 30 ஹெக்டேரில் செடியின் மட்டம் கொழுந்து கிள்ளும் பெண்களின் நெஞ்சுக்கு ஏறியிருந்தது. கையைத் தூக்கித்தான் கிள்ள வேண்டும், மாலையில் தோள் கழன்றுவிடும். முனை மொட்டு உறங்கி, வளர்ச்சி நின்றுபோன கொழுந்தும் அங்கேதான் அதிகம். புதியவர் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த வருடக் கணக்கு 60, பாக்கி 30, ஆக 90 ஹெக்டேரையும் வெட்டிவிடலாம் என்றார்.

கண்டக்டர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். "சார், இந்த வருஷம் 75 போடுவோம், அடுத்த வருஷம் 75. ஒரேயடியா வெட்டுனா ஆளுக வருமானம் அடிபடும்" என்றார்.

"தள்ளிப் போட்டுப் போட்டுத்தான் இந்த நிலைமை அண்ணே. ஒரே தடவையா முடிச்சிருவோம்."

அவ்வளவுதான் பேச்சு. வருடம் முடிந்ததும் விளைவு மூன்று கட்டங்களிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் மகசூல். கணக்கு எளிதாக இருக்க, விளைச்சலில் இருக்கும் நிலம் ஹெக்டேருக்கு 2,400 கிலோ தூள் தருகிறது, வெட்டிய வருடம் அதே நிலம் 1,100 கிலோ தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய செடி துளிர்த்து, மட்டம் கட்டிக் கொழுந்துக்கு வர மூன்று மாதத்துக்குக் குறையாது, அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் இளைத்துத்தான் இருக்கும். ஒழுங்காக 60 வெட்டினால் தோட்டம் 642 டன் தர வேண்டும். முந்தையவர் 30 மட்டும் வெட்டியதால் அவர் வருடத்தில் 681 டன் வந்தது. அவருக்குப் பாராட்டுக் கடிதம் போனது. புதியவர் 90 வெட்டினார், அவர் வருடத்தில் எதிர்பார்க்கக்கூடியது 603 டன். ஆக, இவர் ஒரு நாள்கூடத் தப்புச் செய்யாமல் இருந்திருந்தாலும் தாளில் 78 டன் சரிவு தெரிந்திருக்கும். அதில் பாதி முந்தையவர் ஊதிப் பெருக்கிக் காட்டிய கணக்கு, பாதி அவர் வைத்துவிட்டுப் போன கடன். தேயிலையில் முதல் வருட விளைச்சல் பெரும்பாலும் போன மேனேஜரின் கையெழுத்துதான்.

தலைமை அலுவலகத் தாளில் இதற்கு இடம் கிடையாது. போன வருடம், இந்த வருடம், வித்தியாசம் என்று மூன்று எண்களுக்கு மட்டும்தான் கட்டம். கவாத்துப் பரப்பைச் சேர்த்துக் கணக்கிட்ட ஓர் எதிர்பார்ப்பைப் பக்கத்தில் எழுதாமல் எந்த மேனேஜரையும் எடைபோடக் கூடாது. நான் பென்சிலில் எழுதினேன்.

ஆனால் உண்மையில் வந்தது 603 அல்ல, 585. அந்த 18 டன்னுக்கு முந்தையவரைக் குற்றம் சொல்ல முடியாது. அது மே மாதத்தில் போனது. கோடை மழை விழுந்து கொழுந்து பொங்கி வரும் நேரம் அது. தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் காடு என்போம். ஒரு காட்டைக் கிள்ளிவிட்டு மறுபடி அதே காட்டுக்கு வரும் இடைவெளியைத்தான் ரவுண்டு என்கிறோம், அது 12 வேலைநாளுக்குள் நிற்க வேண்டும். கவாத்து போக மீதி 210 ஹெக்டேர், நாளைக்கு 17.5 ஹெக்டேர் கிள்ளினால் ரவுண்டு நிற்கும். அந்தக் கொழுந்து கனத்துக்கு ஹெக்டேருக்கு 14 பேர் வேண்டும், ஆக 245 பேர். பேர்ப்பதிவில் 330 பெண்கள் இருந்தும் காட்டில் நின்றது 175 பேர். அறுபது பேர் மிலாறு, அதாவது கவாத்தில் வெட்டிப்போட்ட கிளைகளை, பொறுக்கப் போயிருந்தார்கள். மற்றவர்களில் பெரும்பகுதி வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்குத் தேனிப் பக்கம் இறங்கிவிட்டார்கள். கம்பம், உத்தமபாளையம் பக்கம் சொந்தபந்தம் இல்லாத வீடு தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கிடையாது. அந்த வாரம் மஸ்டர், அதாவது காலை வருகைக் கணக்கு, பாதியாகும் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். புதியவருக்குத் தெரியாது, அவரிடம் யாரும் சொல்லவுமில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் சொல்வார்கள்?

175 பேரால் நாளைக்கு 12.5 ஹெக்டேர்தான் ஆகும். ரவுண்டு 17 நாளாகிவிட்டது. அதற்குள் கொழுந்து முற்றிவிடும். நிறுவைக் கொட்டகையில் சாக்குகளிலிருந்து பிடி பிடியாக எடுத்து, கலந்து, அதில் 100 கிராம் நிறுத்துப் பிரித்தால் இது கையிலேயே தெரியும். இளந்தண்டை வளைத்தால் பட்டென்று ஒடியும். முற்றியது ஒடியாமல் நார் இழுக்கும். ஒடிவதை ஒரு பக்கமும் நார் இழுப்பதை மறு பக்கமும் வைத்து நிறுத்தால், ஏப்ரலில் நல்ல கொழுந்து 68 கிராம் இருந்தது, மே கடைசியில் 51. காட்டில் முற்றிய கொழுந்தில் ஒரு பகுதியைச் செடியிலேயே உடைத்துப் போட வேண்டிவந்தது. கொச்சி ஏலத்தில் அந்த மாதத் தூளுக்கு விலையும் இறங்கியது.

90 வெட்டியதால்தான் மே கெட்டது என்று எழுதத்தான் முதலில் கை போனது. கண்டக்டர் சொன்னபடி 75 வெட்டியிருந்தால்? மிலாறுக்கு 50 பேர் போதும், காட்டுக்கு 10 பேர் கூடக் கிடைத்திருப்பார்கள். ஆனால் கிள்ள வேண்டிய பரப்பும் 225 ஆகியிருக்கும். 185 பேரால் நாளைக்கு 13.2 ஹெக்டேர். ரவுண்டு அப்போதும் அதே 17 நாள்தான். இரண்டு வருட மகசூலைக் கூட்டிப் பார்த்தாலும் 603ம் 642ம் சேர்ந்து 1,245, கண்டக்டரின் வழியில் 622.5 இரண்டு தடவை, அதுவும் 1,245. மூத்தவர் சொல்லைக் கேட்டிருக்கலாமே என்று நான் மனதில் பிடித்து வைத்திருந்த குற்றச்சாட்டு இந்தக் கணக்கில் நிற்கவில்லை. மே மாதத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடியவை வேறு. பாதிக் காட்டை மழை தணிந்த பிறகு வெட்டுவது ஒரு வழி. பழைய காடுகளில் கைக்குப் பதிலாகக் கொழுந்து வெட்டும் கத்தரியை முன்கூட்டியே இறக்குவது இன்னொன்று. இரண்டையும் கண்டக்டரும் சொல்லவில்லை.

ஆனால் வருமானம் அடிபடும் என்று அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அது மே மாதத்தில் அல்ல. மே மாதம் இருக்கிற ஆளுக்குக் கொழுந்து மிஞ்சிக் கிடந்தது, நாளுக்குக் கிள்ள வேண்டிய அடிப்படைக் கிலோவுக்கு மேல் கிள்ளினால் தரும் கூடுதல் கிலோக் காசு நன்றாகவே கிடைத்தது. நெருக்கடி ஜூலையில் வந்தது. அடைமழையில் துளிர் நின்றுவிடும். அப்போது இருக்கிற கொஞ்சக் கொழுந்தை எல்லோரும் பங்கு போட வேண்டும், 90 ஹெக்டேர் வெறுங்காடாக நிற்கும்போது பங்கு இன்னும் சிறிது. அடிப்படைக் கிலோவே எட்டாத நாட்கள் வந்தன. அதே நேரம் கீழே கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீர் விட்டு முதல் போக நடவு நடக்கும். மஸ்டர் குறைந்தது. மனநிலை என்ற கட்டத்துக்கு நான் நம்புவது இந்த மாதிரி அறிகுறிகளைத்தான்: சம்பளத்துக்கு மறுநாள் எத்தனை பேர் வருகிறார்கள், டிவிஷன் மாற்றம் கேட்டு எத்தனை பேர் நிற்கிறார்கள், புகார் ஆபீசுக்கு வருகிறதா, இல்லை நேரே சங்கத்துக்குப் போகிறதா. சங்கத்தார் வந்து சத்தம் போடவில்லை என்பதை நல்ல அறிகுறியாக எழுதுகிறவர்கள் 2015 செப்டம்பரில் மூணாறில் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்க்கட்டும். போனஸ் குறைந்ததும் பெண்கள் சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாங்களாகவே ரோட்டில் உட்கார்ந்தார்கள். அதுவரை எல்லாத் தாளிலும் மனநிலை 'நன்று' என்றுதான் இருந்திருக்கும்.

ஆகவே ஜூலைக்காக மனநிலையில் குறைத்துப் போட்டேன். அது நியாயம் என்றே இப்போதும் சொல்வேன். பெண்கள் இழந்த காசு நிஜமான காசு. ஆனால் அக்டோபரில் வெட்டிய காடுகள் இடுப்பளவு மட்டத்தில், பஞ்சு போன்ற கொழுந்தோடு வந்தபோது, தோள் வலி என்று சொன்ன அதே பெண்கள் அந்த நம்பர் காட்டுக்கு முதல் ஆளாய்ப் போட்டி போட்டார்கள். மார்ச்சில் நிறைவடையும் தாளில் ஜூலையும் அக்டோபரும் சராசரியாகிவிடுகின்றன. யாருடைய மனநிலையும் சராசரியில் இருந்ததில்லை.

மூன்றாவது கட்டம்தான் எனக்குப் பெரிய குழப்பம். கற்ற வேகத்தை அளக்க ஒரே வழி, ஒரே தவறு இரண்டாம் முறை வரும்போது அவர் எத்தனை நாளில் பிடிக்கிறார் என்று பார்ப்பது. மே மாதம் ரவுண்டு நீள்வதை அவர் உணர்ந்தது ஜூன் முதல் வாரத்தில், அதுவும் ஃபாக்டரிக்காரர் கொழுந்தைத் திருப்பி அனுப்பப் போவதாகச் சொன்ன பிறகு. அதன் பிறகு தினமும் காலையில் மஸ்டர் முடிந்ததும், இன்று கிள்ள வேண்டிய பரப்பு, நேற்று முடிக்காமல் விட்டது என்று இரண்டு எண்களைப் பலகையில் எழுதச் சொன்னார். பாக்கி இரண்டு நாள் வேலையைத் தாண்டினால் அன்றே ஆள் மாற்றம். தீபாவளிக்கு முன்னால் கண்டக்டரைக் கூப்பிட்டு, யார் யார் எப்போது ஊருக்குப் போவார்கள் என்று லயம் லயமாகக் கேட்டு எழுதி வாங்கினார். 60 ஹெக்டேர் பழைய காட்டைக் கத்தரிக்கு மாற்றினார். அந்த அக்டோபர் பெருக்கில் 300 ஹெக்டேரும் கிள்ள வேண்டியிருந்தும், 290 பேரை வைத்து ரவுண்டை 13 நாளில் நிறுத்தினார். ஒரே தவறை மே மாதம் பிடிக்க ஒரு மாதம், அக்டோபரில் இரண்டு நாள். கற்ற வேகத்துக்கு இதைவிட நல்ல அளவு எனக்குத் தெரியாது.

அப்படியானால் ஏன் 'நடுத்தரம்'? மூன்றில் மகசூலுக்குத்தான் எடை அதிகம், அந்தக் கட்டத்தில் 585 என்ற எண்ணை நான் மாற்றி எழுத முடியாது. ஒவ்வொருவருக்கும் பின்னணியைக் கழித்துக்கொண்டே போனால் எவரையும் எதற்கும் பொறுப்பாக்க முடியாமல் போகும் என்பதும் உண்மை. போன மேனேஜரும் ஒரு காரணத்தோடுதான் 30ஐ விட்டிருப்பார். அந்த வருடம் கவாத்து ஆட்கள் கிடைக்கவில்லை என்று ஃபைலில் ஒரு கடிதம் இருக்கிறது. இதெல்லாம் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அதே தாள் பரிசாகக் கொடுத்த 681, கடனைத் தள்ளிப்போட்டு வந்த எண். நான் போட்ட மதிப்பெண்ணைப் பார்க்கிற அடுத்த இளைஞர் முதல் வருடத்தில் 90 வெட்டுவாரா? நானாக இருந்தால் 45 வெட்டிவிட்டு, ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதி ஃபைலில் போட்டிருப்பேனோ என்னவோ.

இந்த வருடம் கவாத்து 60 மட்டும். பெரிய சாமர்த்தியம் இல்லாமல், மே மாதத்தைக் கெடுக்காமல் விட்டாலே 642 டன் வரும், தாளில் அது 57 டன் உயர்வாகத் தெரியும். அந்த உயர்வு இவர் பெயரில் ஏறினாலும், நடுவில் மாற்றல் வந்து இன்னொருவர் பெயரில் ஏறினாலும், அதில் 39 டன் கவாத்துப் பரப்பு குறைந்ததால் வருவது, 18 மட்டுமே மே மாதத்தைச் சரியாக ஓட்டியதற்கு என்று தாளின் பின்பக்கம் இப்போதே எழுதி, தேதி போட்டு வைத்திருக்கிறேன்.