வரவேற்புரைக்கு நான்கு நிமிடம்

நவம்பர் 3, திங்கள்

மன்றச் செயலாளர் அண்ணன் குடையை மடக்காமல் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். மன்றத்தின் பழைய காட்சிகளைத் தொகுத்துத் திரையிடும் படம் 38 நிமிடம். வரவேற்புரை நான்கு நிமிடம், அதைப் பேசப்போவது நான். 16ஆம் தேதி ஞாயிறு, மாலை நான்கு மணி. அம்மாவுக்கு மருந்து கொடுப்பதும் நான்கு மணிக்குத்தான்.

நவம்பர் 4, செவ்வாய்

பெரியப்பா பட்டியல் கொடுத்தனுப்பினார். 19 பெயர்கள், ஒன்றையும் விடக்கூடாதாம். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தேன். பெயரும் 'அவர்களே'யுமாக ஒரு நிமிடம் ஐம்பது விநாடி போய்விட்டது. மீதியில் படத்தைப் பற்றி என்ன பேசுவது? பட்டியலை நன்றியுரைக்குத் தள்ளிவிட்டேன். நன்றியுரை பேசுகிறவர் என்னைத் திட்டுவார். திட்டட்டும்.

நவம்பர் 5, புதன்

மழை. அம்மா இரவு முழுக்கத் தூங்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

படத்தைத் தொகுக்கும் தம்பியின் வீட்டுக்குப் போனேன். மன்றம் கட்டியபோது வெளியூர் டாக்டர் ஒருவர் எடுத்த சூப்பர் 8 சுருளைக் காட்டினான். ஒலி கிடையாது. பெண்கள் தலையில் கல் சுமந்து மேட்டில் ஏறுகிறார்கள். ஏறவில்லை, குடுகுடுவென்று ஓடுகிறார்கள். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். படி இறங்கும்போதுதான் உறுத்தியது. தலையில் கல்லை வைத்துக்கொண்டு கோத்தகிரி மேட்டில் யார் ஓடுவார்கள்?

திரும்பிப் போய்க் கேட்டேன். அவனும் யோசித்தான். ஒரு சுருள் 50 அடி, அதில் 3,600 படங்கள். அந்தக் கேமரா விநாடிக்கு 18 படம் எடுத்தது. கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் அதை டிவி கணக்கில் விநாடிக்கு 25 என்று ஓடவிட்டிருக்கிறார்கள். 200 விநாடி ஓட வேண்டியது 144 விநாடியில் முடிந்துவிடுகிறது. ஏறக்குறைய ஒரு நிமிடத்தை விழுங்கிவிட்டு, எங்கள் அத்தைமார்களைக் கோமாளிகளாக்கி வைத்திருக்கிறது.

18 என்று மாற்றி, குறைகிற இடங்களில் அதே படத்தை இரண்டு முறை வரும்படி செய்தான். இலேசாக வெட்டி வெட்டி ஓடியது, ஆனால் நடந்தார்கள். மெதுவாக, முழங்கால் மடங்க நடந்தார்கள். நான்காவதாக வருகிறவள் நின்று, ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சும்மாட்டைச் சரிசெய்கிறாள், பிறகு கேமராவைப் பார்க்கிறாள். முதலில் ஓட்டியபோது அந்தப் பார்வை எனக்குத் தெரியவே இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

1990களின் ஆண்டுவிழா வீடியோ கேசட் படத்தில் வராது. கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்தாலே டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பூசணம் தெரிகிறது. அதைத் துடைக்காமல் பிளேயரில் போட்டால் அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளுமாம். துடைத்துத் தர ஆள் தேட நாளில்லை. செயலாளர் அண்ணனுக்கு வருத்தம், அவர் அதில் கட்டபொம்மனாக வருகிறார்.

நவம்பர் 8, சனி

ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். 'தாயகம் திரும்பியோரால் கட்டப்பட்ட இம்மன்றம்' என்று எழுதியிருந்தேன். அரசுக் காகிதங்களில் அப்படித்தான் இருக்கிறது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"நான் எங்கே திரும்பினேன்?" என்றாள்.

அம்மா பிறந்தது இலங்கையில் அட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம். அம்மாயி பிறந்ததும் அங்கேதான். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது அம்மாவுக்குப் பதினேழு வயது. இந்தியாவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். 1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட கையெழுத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்புவது?

'அகதிகள்' என்று எழுதினால் பெரியப்பா எழுந்து போய்விடுவார். 'சிலோன்காரர்கள்' என்பதை எங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம், மைக்கில் சொல்ல முடியாது. காகிதத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

நான்காவது பெண்ணின் படத்தைப் போனில் எடுத்து வந்து காட்டினேன். அம்மா ஒரு பெயர் சொல்கிறாள், பெரியப்பா வேறு பெயர் சொல்கிறார். "என்னோடு மண்டபம் முகாமில் இருந்தவள், எனக்குத் தெரியாதா?" என்கிறாள் அம்மா. "காய்ச்சலில் அவளுக்கு எல்லா முகமும் ஒன்றுதான்" என்கிறார் பெரியப்பா. இரண்டு பெயரையும் உரையில் சொல்லப்போவதில்லை. தவறான பெயரை ஒருமுறை மைக்கில் சொல்லிவிட்டால் அதுவே நிலைத்துவிடும்.

நவம்பர் 10, திங்கள்

2009இல் இதே நாள். மலை சரிந்த அந்த இரவைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

படத்தில் அது இருக்கிறது. யாரோ போனில் எடுத்த ஒன்றரை நிமிடம். மன்றத்துக்குள் பாய்கள், ஈரத் துணிகள், ஒருவர் அண்டாவிலிருந்து கஞ்சி ஊற்றுகிறார். அவர் இறந்து ஆறு வருடமாகிறது. அவர் மனைவி நிச்சயம் முன்வரிசையில்தான் உட்காருவார். இருட்டில் திடீரென்று ஆளுயரத்தில் கணவர் வந்து நிற்கக்கூடாது என்று மாலை அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "குரல் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது, "அடுத்தவங்க வாங்க" என்று மட்டும். டீ போட எழுந்து போனார்.

நவம்பர் 12, புதன்

அந்தப் போன் காட்சியின் அளவு 176க்கு 144 புள்ளிகள். திரை முழுக்க விரித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடுகிறது. நடுவில் சிறிதாகவே விடச் சொன்னேன். உடனே பின்வரிசையிலிருந்து "படம் சின்னதாகிவிட்டது, சரிசெய்யுங்கள்" என்று குரல் வரும் என்கிறான் தம்பி. அதனால் அதையும் உரையில் சேர்த்தேன். இப்போது உரை இப்படி நிற்கிறது:

'முதல் ஆறு நிமிடம் ஒலி வராது, ஸ்பீக்கரில் பழுதில்லை. இடையில் படம் சிறிதாகும், எடுத்த போன் அவ்வளவுதான். நம்மோடு இப்போது இல்லாதவர்கள் இதில் வருகிறார்கள். ஒலி இல்லாத இடத்தில் நீங்கள் பேசலாம். யாரைத் தெரிகிறதோ பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் நேரத்தோடு குறித்துக்கொள்வார்கள்.'

இரண்டரை நிமிடம்.

நவம்பர் 13, வியாழன்

அம்மாவுக்குக் காய்ச்சல் 102. உரையைத் தொடவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

குறையவில்லை. டாக்டர் சனிக்கிழமை வரை பார்ப்போம் என்கிறார்.

நவம்பர் 15, சனி

மன்றத்தில் ஒத்திகை. தகரக்கூரையில் மழை இறங்கியதும் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. மைக்கை ஏற்றினால் ஊளையிடுகிறது. உரையைச் சார்ட் அட்டையில் பெரிதாக எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பதா என்று செயலாளர் அண்ணன் தீவிரமாகவே கேட்டார். ஒலியில்லாத சுருள் மட்டும் அந்த மழையில் நன்றாக இருந்தது. வாயசைவுக்கெல்லாம் கூரையே பேசுவதுபோல இருந்தது.

இரவு பத்து மணி. காய்ச்சல் 100. வெறுமையாக விட்ட இடத்தைப் பற்றி அம்மாவே கேட்டாள். "வந்தவர்கள் என்று சொல். வந்தோம், கல் சுமந்தோம். பொய் இல்லையே" என்றாள்.

'வந்தவர்கள் கட்டிய மன்றம்.' எழுதிவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலை ஆறிலிருந்து கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு ஆள் போயிருக்கிறது.

மதியம் இரண்டு. கரண்ட் வந்தது. அம்மா வரமாட்டேன் என்கிறாள், ஆனால் பச்சைப் புடவையை வெளியே எடுத்து வைத்திருக்கிறாள். மூன்றேகாலுக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன், நான்கு மணிக்கு நான் மேடையில் நிற்கும்போது அதைக் கொடுக்க யாராவது